ரயரும் டயரும்: இரவற் சொற்களுக்கு எழுத்து வகுத்தல்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கும் ஊரின் பெயர் இரண்டு விதமாக அச்சில் வருகிறது. சிலர் விசுவமடு என்று எழுதுகிறார்கள், சிலர் விஸ்வமடு என்று எழுதுகிறார்கள். இரண்டையும் வாசிப்பவருக்குப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள இதே ஊர்தான் நினைவுக்கு வரும். இரண்டு எழுத்தும் ஒரே ஊருக்கு வழிகாட்டுவதால், எது சரி என்ற கேள்விக்கு அவசரமான பதில் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு சொல்லின் எழுத்து வேற்றுமை எப்போது கேடற்றது, எப்போது வாசிப்பவரைத் தடுக்கிறது என்று பிரித்தறியாமல் நாம் எந்தச் சொல்லுக்கும் நிலையான எழுத்து வகுக்க முடியாது. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் நாள்தோறும் வருகிறது. அதைத் தனியே எடுத்துப் பார்ப்பதற்கு முன், இதே சிக்கலை அரசாங்க நிறுவனம் ஒன்றின் மூலம் தீர்க்க முயன்ற இன்னொரு மொழியின் கதையைப் பார்க்க விரும்புகிறேன். அந்த மொழி இந்தி.

இந்திய அரசின் கல்வி அமைச்சின் கீழ் 1960 இல் மத்திய இந்தி இயக்ககம் தொடங்கப்பட்டது. இந்தி எழுத்துமுறையைச் சீர்செய்யும் விதிகளை அது 1967 இல் வெளியிட்டது. 1983 இல் அவை விரிவான வடிவில் மீண்டும் வந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2012 இல் தேவநாகரி எழுத்துக்கும் இந்தி எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு தரத்தை வெளியிட்டது. இந்த விதிகளை வாசிக்கும் ஒருவர் முதலில் கவனிக்கவேண்டியது, அவை எல்லாவற்றையும் ஒரே காரணத்தால் தீர்க்கவில்லை என்பதுதான். கம்ப்யூட்டர் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் பகரத்துக்கு முன்வரும் மகர ஒலியை அரை எழுத்தாக எழுதலாம், அல்லது முன் எழுத்தின் மேல் ஒரு புள்ளியாக வைக்கலாம். ஒலிப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இயக்ககம் புள்ளியையே தேர்ந்தது. அதற்குச் சொன்ன காரணம் அச்சிலும் தட்டச்சிலும் வசதி என்பதுதான். ஈய எழுத்துப் பெட்டியில் கூட்டெழுத்துகள் குறைந்தால் அச்சுக்கோப்பவருக்கு வேலை குறையும். ஒலியின் நியாயம் எதுவும் அங்கே இல்லை. வாசிப்பவருக்கு எந்தத் துன்பமும் இல்லாத இடத்தில் தொழிலாளியின் வசதியைக் கேட்டு முடிவு செய்தது நியாயமான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த விதி முற்றிலும் வேறானது. ஆங்கிலத்தில் கோப்பி, டொக்டர், ஹோல் ஆகிய சொற்களில் வரும் திறந்த உயிரொலி, இந்தியின் ஆகாரமும் அல்ல, ஓகாரமும் அல்ல. இந்தி எழுத்தில் அதற்கு இடமில்லை. எனவே ஆகாரத்தின் மேல் ஒரு பிறைக்குறியை வைத்து எழுதும் வழக்கத்தை இயக்ககம் ஏற்றது. குறிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். ஹால் என்று வெறும் ஆகாரத்தில் எழுதினால் இந்தியில் அது 'நிலைமை' என்ற பொருளைத் தரும் வேறொரு சொல். பிறை வைத்தால்தான் அது மண்டபம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். இன்னும் நல்ல உதாரணம் கோப்பி. பிறை இல்லாமல் எழுதினால் அது 'போதுமான அளவு' என்று பொருள்படும் காஃபீ என்ற சொல்லாகிவிடும். காலையில் தேநீருக்குப் பதிலாகக் குடிக்கும் பானம், அளவைக் குறிக்கும் ஒரு சொல்லாக மாறிவிடுகிறது. இங்கே புதிய குறி தேவைப்பட்டதற்குக் காரணம் ஆங்கிலத்துக்கு விசுவாசம் அல்ல. இந்தி வாசகன் ஒரே பக்கத்தில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறான் என்பதுதான். பழைய அச்சில் டாக்டர் என்று பிறை இல்லாமல் எழுதியதும் பரவலாக உண்டு. அதனால் எவரும் மருத்துவரைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் டாக்டர் என்ற வேறொரு சொல் இந்தியில் இல்லை. பிறைக்குறியின் பயன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இந்த இரண்டு சொற்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

மூன்றாவது விதி இன்னும் தயக்கம் நிறைந்தது. ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் இருந்து வந்த சில மெய்யொலிகளைக் காட்ட, எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் இந்தியில் உண்டு. அச்சகத்தார் அதை விட்டுவிடுவார்கள், ஆசிரியர்கள் கேட்பார்கள். இயக்ககம் அதைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தால் போதும் என்ற நிலையை எடுத்தது. இது மட்டுமல்ல, இரண்டு விதமாக எழுதப்படும் சொற்களின் பட்டியல் ஒன்றையும் தந்து, இரண்டும் ஏற்கத்தக்கவை என்று ஒப்புக்கொண்டது. குர்ஸீ, குரஸீ என்று இரண்டு எழுத்தாக வரும் நாற்காலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லும் அப்படியே. நிலையான எழுத்து வகுக்க உட்கார்ந்தவர்கள், சில இடங்களில் வகுக்க வேண்டாம் என்று தீர்மானித்ததை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கு இன்னும் ஒரு பக்கம் சாயாத இடத்தில் ஆணையிட்டால், பாதி வாசகர்களின் பழக்கத்தைத் தவறென்று ஆக்குவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் வாதம் ஒன்றுதான். இரவல் சொல்லின் எழுத்து மூலமொழிக்கு எவ்வளவு நெருக்கம் என்பது அளவுகோல் அல்ல. அந்தச் சொல்லைக் காதால் அறிந்த வாசகர், பக்கத்தில் கண்டதும் தயங்காமல் அதையே வாசிக்கிறாரா என்பதே அளவுகோல். தயக்கம் இல்லாத இடத்தில் இரண்டு எழுத்தும் இருக்கட்டும். தயக்கம் உள்ள இடத்தில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

இந்த அளவுகோல் இருந்தால் ஒரு பெரிய தொகுதிச் சொற்களை உடனே தனியே வைத்துவிடலாம். இந்தியில் ஆஸ்பத்திரிக்கு அஸ்பதால் என்ற சொல் உண்டு. விளக்குக்கு லால்டேன், போத்தலுக்கு போத்தல். அவற்றை யாரும் ஆங்கிலத்துக்குத் திருத்தப் போவதில்லை. நம் பக்கத்திலும் அப்படித்தான். கதிரை, அலவாங்கு, சப்பாத்து, வாங்கு, விறாந்தை, பாண் எல்லாம் போர்த்துக்கேயரின் நாவிலிருந்து வந்து தமிழ்ச் செவியால் வடிவம் பெற்றவை. கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. கதிரைக்கு எழுத்துச் சிக்கல் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதை எழுதியவர்கள் போர்த்துக்கேய எழுத்தைப் பார்த்து எழுதவில்லை, தம் வீட்டில் கேட்டதை எழுதினார்கள். வடசொற்களைத் தமிழ் எழுத்துக்கு இயைய மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பியம் வகுத்த வழியும் இதைத்தான் சொல்கிறது. இன்று நாம் ஆங்கிலத்தை எழுதும்போதுதான் காதை விட்டுக் கண்ணால் எழுதத் தொடங்கியிருக்கிறோம். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

ஈழத்துத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் ஆங்கிலத்தின் ஒரே மெய்யொலியை இரண்டு எழுத்தால் எழுதுகின்றன. அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். நம் பாடப் புத்தகத்தில் மீற்றர், லீற்றர், கிலோமீற்றர். அங்கே மீட்டர், லிட்டர், கிலோமீட்டர். இங்கே கிறிக்கெற், அங்கே கிரிக்கெட். அந்த ஆங்கில ஒலி நுனிநா மேல் ஈற்றின் பின்புறத்தைத் தொடப் பிறப்பது. வெற்றி, காற்று என்ற சொற்களை நாம் வாசிக்கும்போது ற்ற என்ற இரட்டை வருகிறது அல்லவா, நா தொடும் இடம் அங்கே ஏறத்தாழ அதுதான். எனவே ஈழத்தவரின் காது ஆங்கில ஒலியை ற்ற என்று கேட்டது. தமிழ்நாட்டில் ற்ற என்பது வாசிப்பில் 'ட்ர' போல ஒலிக்கிறது, பேச்சில் பல சொற்களில் த்த ஆகிவிட்டது. அதனால் அங்கே நா வளைத்து ஒலிக்கும் ட் தான் கிடைத்த அண்டை. இரண்டு பக்கமும் தத்தம் காதை நம்பியிருக்கின்றன, இரண்டும் ஒழுங்கானவை. இதைப் பிழை என்று ஒரு பக்கம் மறுபக்கத்தைச் சொல்வது அறிவற்ற செயல். கோப்பிக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் அந்தத் திறந்த உயிரொலியை ஆகாரமாகக் கேட்டார்கள், காபி என்றும் காப்பி என்றும் எழுதினார்கள், நகலுக்கும் காப்பி என்றே எழுதினார்கள். நாம் அதை ஒகரமாகக் கேட்டோம். பானம் கோப்பி, பிள்ளை எழுதும் பயிற்சிப் புத்தகம் கொப்பி. இந்தி பிறைக்குறி போட்டுத் தீர்த்த சிக்கலை நாம் இருக்கும் எழுத்திலேயே தீர்த்துக்கொண்டோம். அதைக் கைவிட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாமா என்றால், இல்லை. நம் வழக்கிலேயே ஓர் இடத்தில் வாசகர் தடுக்கி விழுகிறார். அதே ஆங்கில ஒலி சொல்லின் முதலில் வந்தால் நம்மில் பலர் ர-வைப் போடுகிறார்கள்: ரயர், ரீ, ரிக்கெற், ரீவி. ரயர் ஒன்றின் விலை இத்தனை ரூபா என்று ஒரு கடைப் பலகையில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரியில் ர என்ற எழுத்து முதற்சொல்லில் நாவைத் தடுத்து ஒலிக்கும் வல்லொலி, ரூபாவில் நாவை அதிரவைக்கும் இடையொலி. ரயர் என்ற சொல்லை முன்பே அறிந்தவர் சரியாக வாசிப்பார். அறியாதவர், அதாவது எழுத்தை நம்பித்தான் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டியவர், ரயிலுக்கு உறவான ஏதோ ஒன்று என்று நினைப்பார். எழுத்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது உதவவில்லை.

ஒரு சொல்லை எடுத்து முழுவதும் பிரித்துப் பார்ப்போம். பேருந்தில் வாங்கும் சீட்டு. முதலெழுத்து ர-வா ட-வா என்று இரண்டு தெரிவுகள். நடு உயிர் எகரமா அகரமா, இரண்டு. இறுதி ற்-ஆ ட்-ஆ, இரண்டு. ககர இரட்டையில் கருத்து வேறுபாடு இல்லை. ஆக ரிக்கெற், ரிக்கற், ரிக்கெட், ரிக்கட், டிக்கெற், டிக்கற், டிக்கெட், டிக்கட் என்று எட்டு எழுத்துக்கூட்டல்கள் சாத்தியம். இந்தியில் இது என்றோ டிகட் என்று நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தின் நடு உயிர் அங்கே அகரமாகிவிட்டது, எவரும் வருந்தவில்லை. நாம் எட்டில் எதைத் தேர்வது? கடைசி எழுத்தில் தொடங்குகிறேன். கிறிக்கெற், மீற்றர் என்று எழுதும் பக்கத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ட் போட்டால் பக்கமே ஒழுங்கிழக்கும். எனவே ற். நடு உயிரில் நம் பேச்சில் இரண்டும் கேட்கின்றன. வாசிப்பில் இரண்டும் குழப்பம் தருவதில்லை, எனவே கிறிக்கெற் என்ற வரிசையோடு சேர்த்து எகரத்தை வைத்தால் நினைவுக்கு எளிது. இது தீர்ப்பல்ல, வசதி. முதலெழுத்தில்தான் தீர்ப்பு வேண்டும். அங்கே நான் ட-வைச் சொல்கிறேன். டிக்கெற், டயர், டீ. எட்டில் ஏழைத் தவறென்று நான் சொல்லவில்லை. ர-வில் தொடங்கும் நான்கையும் இனி புதிதாக எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இதற்கு நான் எதிர்பார்க்கும் மறுப்புகளில் முதலாவது இலக்கணம். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் ரகரத்திலும் தொடங்காது, றகரத்திலும் தொடங்காது. இரண்டு பக்கமும் அதே விதியை மீறியிருக்கும்போது, ஒரு பக்கத்தை மட்டும் இலக்கணத்தால் அடிக்க முடியாது. இராமன், உரோமம் என்று உயிரைச் சேர்த்துச் சரிசெய்யும் வழி ரகரத்துக்கு உண்டு என்பார்கள். அதை ரயருக்குச் செய்தால் இரயர் ஆகும், சொல்லே மறைந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது, அதை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. ர-வைப் போடுபவர்கள் ஒரு நல்ல காரணத்தோடுதான் போடுகிறார்கள். டொக்டர், டிசெம்பர் என்ற சொற்களின் முதலில் வருவது ஆங்கிலத்தில் அதே இடத்தில் பிறக்கும் மெலிந்த ஒலி. அதற்கு ட-வைப் போட்டுவிட்டால், வலிந்த ஒலிக்கு ர-வையும் உருண்ட ஒலிக்கு ற-வையும் போடலாம். டொக்டர், ரயர், றப்பர் என்று மூன்று ஒலிக்கு மூன்று எழுத்து. அழகான முறை, தமிழ்நாட்டு எழுத்து காட்டாத வேறுபாட்டையும் காட்டுகிறது. ஆனால் இந்த முறை நிலைக்க வேண்டுமானால், ரூபாவை றூபா என்றும், ரயிலை றயில் என்றும் எழுதவேண்டும். எவரும் எழுதவில்லை, எழுதவும் மாட்டார்கள். பழகிய சொற்கள் ர-வோடு இருக்க, புதிய சொற்களில் அதே ர-வுக்கு வேறு வேலை கொடுத்ததால்தான் முறை உடைந்தது. ட-வுக்கு இரண்டு ஒலி என்பது தமிழுக்குப் புதிய சுமை அல்ல. ப-வும் க-வும் த-வும் எப்போதும் வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கின்றன. பஸ், பேப்பர் என்று வாசிக்கும் எவரும் முதலெழுத்தில் தடுமாறுவதில்லை. ஓர் எழுத்து வலிந்தும் மெலிந்தும் ஒலிப்பதைத் தமிழ் வாசகர் பழகியிருக்கிறார். ஓர் எழுத்து அதிர்ந்தும் தடுத்தும் ஒலிப்பதை அவர் பழகவில்லை.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். ஏன் இந்தப் பாடு, தமிழ்நாட்டில் பேர் அதிகம், அவர்கள் எழுத்தையே ஏற்றுவிடலாமே என்பார்கள். இதற்கு இந்திக்கு அருகிலேயே பதில் இருக்கிறது. இந்தியும் மராத்தியும் ஒரே தேவநாகரியை எழுதுகின்றன. வங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இந்தி ஐகாரத்தால் எழுதுகிறது, ஏனென்றால் இந்தியில் ஐகாரம் ஏகாரத்தைவிடத் திறந்த ஒரு தனி உயிராக ஒலிக்கிறது. மராத்தியில் ஐகாரம் 'அய்' என்று இரண்டாக ஒலிப்பதால், அது பிறைக்குறியை வைத்து எழுதுகிறது. எழுத்து ஒன்று, சொல் ஒன்று, முறை இரண்டு. அண்டை மாநிலங்களில் வாழும் வாசகர்கள் இதனால் நட்டமடையவில்லை. காரணம் ஒலியில் இருக்கும்போது முறையை ஒன்றாக்குவது, ஒரு பக்கத்துக் காதைப் பொய்யாக்குவதாகும்.

ஆனால் தேடுபவருக்கு நட்டம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நம் மாணவர் ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று படிக்கிறார். தமிழ்நாட்டில் வெளியான அறிவியல் நூலில் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கார்பன் என்று இருக்கும். நூலின் பின்னுள்ள சொல்லடைவில் ஒகரத்தில் தேடும் மாணவருக்கு அது கிடைக்காது. இதற்கு மருந்து எழுத்தை மாற்றுவதல்ல, அடைவில் இரண்டையும் தருவதும் ஒன்றிலிருந்து மற்றதைக் காட்டுவதும்தான். முறை ஒழுங்காக இருந்தால் இது சிறு வேலை. மீற்றர் உள்ள இடத்தில் மீட்டர் என்று ஒரு பட்டியலை எவரும் ஒரு நாளில் செய்துவிடலாம். எல்லா ற்ற-வையும் ட்ட ஆக்கிவிடும் ஒரு விதியைக் கணினியில் எழுதினால் மட்டும் வெற்றி வெட்டி ஆகிவிடும், எனவே பட்டியல் இரவற் சொற்களுக்கு மட்டும் இருக்கவேண்டும். ஒழுங்கில்லாத எழுத்துக்குத்தான் எந்தப் பட்டியலும் உதவாது. ஒரே நூலில் ரிக்கெற், டிக்கெட், ரிக்கட் என்று மூன்றும் வந்தால் அடைவு செய்பவர் எதை எங்கே தேடுவது? இரண்டு முறைகள் இருப்பதால் வரும் கேடு சிறியது. ஒரே கையால் மூன்று முறையில் எழுதுவதால் வரும் கேடு பெரியது.

பெயர்களை இந்த விதியிலிருந்து விலக்கிவிடுகிறேன். கனடாவில் வாழும் நம்மவர்கள் தங்கள் நகரத்தை ரொறொன்ரோ என்று எழுதிவருகிறார்கள். அதில் முதல் ர-வும் கடைசி ர-வும் வலிந்த ஒலி, நடுவில் ற உருண்ட ஒலி. நான் முன்பு உடைந்தது என்று சொன்ன முறையை இந்த ஒரு பெயர் முழுமையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கடிதத்திலும் பத்திரிகையிலும் நினைவுக்கல்லிலும் அந்த எழுத்து பதிந்துவிட்டது. அங்கே வாழ்பவர்கள் மாற்றும்வரை நாம் மாற்றக்கூடாது. விசுவமடுவுக்கும் அப்படித்தான். இங்கே பிறந்தவர்கள் இரண்டு விதமாக எழுதினாலும் இரண்டும் இந்த ஊரின் பெயர்தான். அலுவலகப் பலகை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், அதனால் மற்றது பிழையாகிவிடாது.

ஆசிரியர்கள் இந்த அவையில் பலர் இருப்பதால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். பிள்ளை தன் கொப்பியில் மீற்றர் என்று எழுதினால் திருத்தாதீர்கள். தமிழ்நாட்டு நூலைப் படித்து மீட்டர் என்று எழுதினாலும் திருத்தாதீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதியிருந்தால் மட்டும் கூப்பிட்டு, இதில் உனக்கு எது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்வதை அந்தப் பக்கம் முழுவதும் எழுதச் சொல்லுங்கள்.